தேவையா, விருப்பமா? எட்டு வயதுப் பிள்ளைகளோடு ஒரு பட அட்டை வகுப்பு

மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் ஒரு குடம் தண்ணீர் படத்தையும் ஒரு பலூன் படத்தையும் நீட்டி, "இதுல எது இல்லாம இருக்கவே முடியாது?" என்று கேட்டுப் பாருங்கள். யோசிக்காமலே சரியாகச் சொல்லிவிடும். அதற்கு ஒரு பாடவேளையே வேண்டாம். ஐஸ்கிரீம் படத்தை நீட்டும்போதுதான் விஷயம் சூடு பிடிக்கிறது. "இது சாப்பாடுதானே டீச்சர்? சாப்பாடு தேவைதானே?" என்று ஒரு பையன் கேட்பான். அந்தக் கேள்விக்கு மேசையின் அந்தப் பக்கம் நிற்கிற நாமும் சட்டென்று பதில் சொல்ல முடியாது. இந்தச் செயல்பாட்டின் உயிரே அப்படிப்பட்ட ஐந்தாறு அட்டைகளில்தான் இருக்கிறது.

முதலில் நாம் தெளிவாக இருக்க வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். ஒன்று இல்லாவிட்டால் உடம்புக்கோ பாதுகாப்புக்கோ வளர்ச்சிக்கோ கெடுதல் வரும் என்றால் அது தேவை. இல்லாவிட்டால் வருத்தம் வரும், ஆனால் கெடுதல் வராது என்றால் அது விருப்பம். எட்டு வயதுப் பிள்ளைக்கு இதையே ஒரு கேள்வியாக மாற்றிக் கொடுத்தால் போதும்: "இது இல்லாவிட்டால் வருத்தம் மட்டும் வருமா, கெடுதலும் வருமா?" வகுப்பு முழுக்க இந்த ஒரு கேள்வியையே பிடித்துக்கொண்டு போகலாம். உணவு, உடை, இருப்பிடம் என்று பட்டியலை மனப்பாடம் செய்யவைக்கிற வழியும் இருக்கிறது. ஆனால் அப்படிக் கற்ற பிள்ளைதான் ஐஸ்கிரீமை உணவில் சேர்த்துவிட்டு, பட்டுப்பாவாடையை உடையில் சேர்த்துவிட்டு, பாடம் முடிந்தது என்று உட்கார்ந்துகொள்ளும்.

ஏன் எட்டு வயது? சுவிட்சர்லாந்து உளவியலாளர் ஜான் பியாஜே செய்த ஒரு சோதனை இங்கே உதவும். ஒரு பெட்டியில் மர மணிகள். பெரும்பாலானவை பழுப்பு, சில மட்டும் வெள்ளை. "பழுப்பு மணி அதிகமா, மர மணி அதிகமா?" என்று கேட்டால் சின்னப் பிள்ளைகள் பழுப்பு என்று சொல்வார்கள். பழுப்பும் மரம்தானே, எல்லாம் சேர்ந்ததுதானே மர மணி என்பது அவர்களுக்கு எட்டாது. ஒரு பொருள் ஒரே நேரத்தில் சின்ன வகையிலும் பெரிய வகையிலும் இருக்க முடியும் என்பது ஏழெட்டு வயதில்தான் பிடிபடத் தொடங்குகிறது. ஐஸ்கிரீம் என்பது உணவுக்குள் ஒன்று, ஆனால் உணவு தேவை என்பதால் ஐஸ்கிரீமும் தேவையாகிவிடாது என்று புரிய இந்தத் திறமை வேண்டும். இந்த வயதில் அது பாதி வந்திருக்கும். கையில் தொட்டு நகர்த்த ஒரு பொருள் இருந்தால் மீதியும் வந்துவிடும். வெறும் பேச்சை விட அட்டை இங்கே நன்றாக வேலை செய்வது அதனால்தான்.

அட்டைகள்

ஒரு செட்டுக்குப் பதினாறு அட்டை போதும். ஏ4 தாளை நான்காக வெட்டினால் ஒரு அட்டையின் அளவு சரியாக வரும். ஆக ஒரு செட்டுக்கு நான்கு தாள். இருபத்துநான்கு பிள்ளைகள் இருக்கும் வகுப்பை நால்வர் நால்வராகப் பிரித்தால் ஆறு குழு, மொத்தம் இருபத்துநான்கு தாள். கொஞ்சம் கெட்டியான தாளாக இருந்தால் அடுத்த வருடத்துக்கும் வரும். படம் வரைய வராதவர்கள் பழைய காலண்டர், கடை விளம்பரத் தாள், பத்திரிகை இவற்றிலிருந்து வெட்டி ஒட்டலாம்.

பதினாறில் ஐந்து, சந்தேகமே இல்லாத தேவைகள்: குடிநீர், ஒரு தட்டு சோறும் சாம்பாரும், வீடு, சட்டை, மருந்து. இன்னும் ஐந்து, சந்தேகமே இல்லாத விருப்பங்கள்: பலூன், பஞ்சு மிட்டாய், ரிமோட் கார், வீடியோ கேம், கலர் கலரான வளையல். மீதி ஆறும் தகராறு பிடித்தவை: ஐஸ்கிரீம், செருப்பு, ஸ்வெட்டர், செல்போன், சைக்கிள், பந்து. முதல் பத்தும் பிள்ளைகளுக்கு நம்பிக்கை வருவதற்காக. வகுப்பு நடக்கப்போவது கடைசி ஆறில்.

படத்தைத் தேர்ந்தெடுக்கும்போது கொஞ்சம் கவனம் வேண்டும். மாடி வீட்டின் முன்னால் கார் நிற்கிற படத்தை ஒட்டினால் பிள்ளைகள் வீட்டை விட்டுவிட்டுக் காரைப் பற்றிச் சண்டை போடுவார்கள். மாத்திரை அட்டை சாக்லேட் மாதிரித் தெரியும், அதனால் மருந்துக்குப் பாட்டிலும் ஸ்பூனும் வரைவது நல்லது. செல்போன் படத்தில் பட்டன் போனா, டச் போனா என்பதே பதிலை மாற்றிவிடும். ஒன்றை முடிவு செய்து எல்லாக் குழுவுக்கும் அதையே கொடுங்கள். எந்தப் படத்திலும் கம்பெனிப் பெயர் வேண்டாம். கீழே பொருளின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். ஆனால் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தடுமாறுகிற பிள்ளையும் அந்தக் குழுவில் இருக்கும். அதனால் பெயர் இருந்தாலும் படமே பேச வேண்டும். கருப்பு வெள்ளையில் நகல் எடுத்துப் பிள்ளைகளையே வண்ணம் தீட்டச் சொல்லலாம். அதை முந்தின நாளே முடித்துவிடுங்கள். அன்றைக்கே கொடுத்தால் மணி அடிக்கும்வரை கிரேயான்தான் ஓடும்.

பிரிப்பது

நாற்பது நிமிடப் பாடவேளையில் முதல் ஐந்து நிமிடம் அட்டைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டிப் பெயரைச் சொல்லவைக்க வேண்டும். பஞ்சு மிட்டாயை மேகம் என்று நினைத்துக்கொண்ட குழு பிறகு குழப்பத்தில் இருக்கும்.

அப்புறம் ஒவ்வொரு குழுவும் தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போடட்டும். கோட்டுக்கு இடப்பக்கம் தேவை, வலப்பக்கம் விருப்பம். முடிவு செய்ய முடியாத அட்டையைக் கோட்டின் மேலேயே வைக்கலாம். ஆனால் கோட்டின் மேல் அதிகபட்சம் மூன்று அட்டைதான் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் கஷ்டமான ஆறும் அங்கேயே போய்க் குவிந்துவிடும்.

இன்னொரு விதி இதைவிட முக்கியம். அட்டையைக் கையில் எடுத்தவர், "ஏன்னா..." என்று ஒரு காரணம் சொன்ன பிறகுதான் கீழே வைக்க வேண்டும். இந்த விதி இல்லாவிட்டால் குழுவில் வேகமான ஒரு பிள்ளை பதினாறையும் அரை நிமிடத்தில் அடுக்கிவிடும், மற்ற மூன்று பேரும் வேடிக்கை பார்ப்பார்கள். அட்டைகளைச் சீட்டு மாதிரி நான்கு பேருக்கும் நான்கு நான்காகப் பிரித்துக் கொடுத்துவிட்டால் எல்லோருக்கும் முறை வரும். இதற்குப் பத்து நிமிடம்.

அந்தப் பத்து நிமிடமும் ஆசிரியருக்கு உள்ள வேலை, சும்மா சுற்றி வருவது. தலையை ஆட்டாதீர்கள், "குட்" சொல்லாதீர்கள், புருவத்தைத் தூக்காதீர்கள். பிள்ளைகள் அட்டையை விட நம் முகத்தைத்தான் நன்றாகப் படிக்கிறார்கள். எந்த அட்டை எந்தக் குழுவில் எந்தப் பக்கம் இருக்கிறது என்று ஒரு துண்டுத்தாளில் குறித்துக்கொண்டு வந்தால் அடுத்த பகுதிக்கு அது போதும்.

பேசுவது

பேச்சுக்குப் பதினைந்து நிமிடம். அதற்கு மேல் இந்த வயதில் தாங்காது. எல்லோரும் ஒரே பக்கம் வைத்த அட்டையைப் பற்றிப் பேசி நேரத்தைக் கழிக்க வேண்டாம். குழுக்கள் வேறு வேறாக வைத்திருக்கும் மூன்று அட்டைகளை மட்டும் எடுங்கள். எந்த அட்டையை எடுத்தாலும் இரண்டு கேள்விதான்: "இது எதுக்காக?" அப்புறம், "இது இல்லாட்டி வருத்தம் மட்டுமா, கெடுதலுமா?"

ஐஸ்கிரீமில் தொடங்கலாம். பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போகும்.

"நீங்க ஏன் தேவை பக்கம் வச்சீங்க?"

"சாப்பாடு டீச்சர். சாப்பிடாட்டி செத்துப் போயிருவோம்."

"சரி. ஐஸ்கிரீம் எதுக்காகச் சாப்பிடறோம்?"

"நல்லா இருக்கும்."

"பசிக்கா?"

இந்த இடத்தில் வகுப்பு கொஞ்சம் அமைதியாகும். ஒருவன் பசிக்குத்தான் என்று பிடிவாதமாக நிற்பான். அப்போது அவனுடைய சோற்று அட்டையை எடுத்து ஐஸ்கிரீம் அட்டைக்குப் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள். "ஒரு மாசம் சோறு கிடையாது, ஐஸ்கிரீம் மட்டும். என்ன ஆகும்?" பல்லு போகும், காய்ச்சல் வரும், சக்தி இருக்காது என்று நாலாபக்கமும் குரல் வரும். "ஒரு மாசம் ஐஸ்கிரீம் கிடையாது, சோறு உண்டு. அப்போ என்ன ஆகும்?" ஒரு பெண் மெதுவாக, "ஒண்ணும் ஆகாது, அழுகையா வரும்" என்பாள். நாம் சொல்ல நினைத்ததை அவளே சொல்லிவிட்டாள். உணவு என்பது பெரிய வகை, அதற்குள் ஐஸ்கிரீம் ஒரு பொருள். வகை தேவையாக இருக்கலாம், அதற்குள் இருக்கிற இந்தப் பொருள் தேவையாக இல்லாமல் போகலாம். பியாஜேயின் மணிகள்தான் இவை. ஆனால் மணியைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேச வேண்டியதில்லை.

அடுத்தது செருப்பு. பாதிக் குழுக்கள் இதை விருப்பம் பக்கம் வைத்திருக்கும், செருப்பில்லாமல் ஓடி விளையாடுவது அவர்களுக்குப் பழக்கம். "முள்ளு குத்தும்" என்று ஒரு குழு சொல்லும். "பார்த்து நடந்தா குத்தாது" என்று இன்னொரு குழு மடக்கும். இங்கே பிள்ளைகளுக்குத் தெரியாத ஒரு தகவலை நாம் கொடுக்கலாம். கொக்கிப்புழுவின் குஞ்சுகள் ஈர மண்ணில் இருக்கும். வெறும் காலோடு நடந்தால் பாதத்துத் தோலைத் துளைத்து உள்ளே போகும். அங்கிருந்து குடலுக்குப் போய் ரத்தத்தை உறிஞ்சும், பிள்ளை சோர்ந்து போகும். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பள்ளியில் குடற்புழு நீக்க மாத்திரை கொடுப்பார்களே, சப்பிச் சாப்பிடச் சொல்வார்களே, அது இதற்கும் சேர்த்துத்தான். இதைக் கேட்டதும் செருப்பு அட்டையைக் கோட்டைத் தாண்டித் தள்ளிவைக்கிற குழுக்கள் நிறைய. அப்படித் தள்ளும்போது, "இப்போ ஏன் மாத்தினீங்க?" என்று மறக்காமல் கேட்க வேண்டும். புதிதாக ஒன்று தெரிந்தால் முடிவை மாற்றிக்கொள்ளலாம் என்பதைப் பிள்ளை கையாலேயே செய்து பார்க்கிற இடம் அது. உடனே அடுத்த கேள்வியையும் போடுங்கள்: "நடந்தா விளக்கு எரியுமே, அந்த ஷூ?" சிரிப்பு வரும். சாதாரணச் செருப்பு ஒரு பக்கம், விளக்கு மறுபக்கம்.

பந்து இன்னும் சுவாரசியமானது. பெரியவர்கள் தயங்காமல் விருப்பம் என்று சொல்லிவிடுவோம். ஆனால் "எதுக்காக?" என்று கேட்டால் "விளையாட" என்று பதில் வரும். விளையாடவே விடாவிட்டால் கெடுதல் வருமா? வரும். ஐக்கிய நாடுகள் அவை 1989-ல் கொண்டுவந்த குழந்தை உரிமைகள் உடன்படிக்கையில் 31-வது பிரிவு ஓய்வையும் விளையாட்டையும் குழந்தையின் உரிமை என்றே சொல்கிறது. இந்தியா 1992-ல் அதில் சேர்ந்தது. ஆக, விளையாட்டு தேவை. பந்து? பாண்டி ஆட ஒரு ஓட்டுச்சில்லு போதும், ஓடிப்பிடிக்க அதுவும் வேண்டாம். தேவை அப்படியே இருக்க, அதை நிறைவேற்றுகிற பொருள் மட்டும் மாறலாம் என்பதை எட்டு வயதில் வார்த்தையாகச் சொல்லத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. "விளையாட்டை இந்தப் பக்கம் வைக்கணும் டீச்சர், ஆனா அட்டை இல்லையே" என்று ஒரு குழு சொன்னால், வெற்று அட்டை ஒன்றை நீட்டி வரையச் சொல்லுங்கள்.

செல்போன், சைக்கிள், ஸ்வெட்டர் மூன்றுக்கும் வேறு மாதிரி வழி. இவற்றுக்குப் பதில் பொருளில் இல்லை, ஆளிலும் ஊரிலும் இருக்கிறது. ஸ்வெட்டர் அட்டைமேல் "ஜனவரி மாதம், ஊட்டி" என்ற துண்டுச்சீட்டை வைத்தால் ஒரு பக்கம் போகும், "மே மாதம், வேலூர்" என்ற சீட்டை வைத்தால் மறுபக்கம் போகும். பள்ளிக்கு எதிர்வீட்டில் இருக்கிற பிள்ளைக்குச் சைக்கிள் என்ன, பஸ் போகாத ஊரிலிருந்து மூன்று கிலோமீட்டர் நடந்து வருகிற பிள்ளைக்குச் சைக்கிள் என்ன என்று கேளுங்கள். கொரோனா சமயத்தில் பள்ளி பூட்டிக் கிடந்தபோது பாடம் செல்போனில்தான் வந்தது. பள்ளி திறந்திருக்கும்போது அதே போன் எந்தப் பக்கம்?

பெரியவர்களுக்கே இது எளிதில்லை என்பதற்கு ஓர் உதாரணம். 2006-ல் தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுக்கத் தொடங்கியது, 2011-ல் அடுத்து வந்த அரசு மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி கொடுத்தது. இவையெல்லாம் அரசுப் பணத்தில் கொடுக்க வேண்டிய பொருள்களா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. 2013-ல் வந்த தீர்ப்பு இந்தத் திட்டங்களைச் செல்லாது என்று சொல்ல மறுத்துவிட்டது. அம்மியில் அரைத்துவிட்டு வேலைக்கும் ஓடுகிற ஒரு பெண்ணிடம் மிக்ஸி அட்டையைக் கொடுத்தால் எந்தப் பக்கம் வைப்பார் என்று யோசித்துப் பார்க்கலாம். பிள்ளைகளிடம் இந்த வழக்கைப் பற்றிப் பேச வேண்டாம், நமக்குள் இருக்கட்டும்.

கெட்டுப்போகிற இடங்கள்

அடிக்கடி நடப்பது, விருப்பம் என்றாலே தப்பு என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்வது. "பலூன் கேட்டா கெட்ட பையன்" என்கிற மாதிரிப் பேச்சு வரத் தொடங்கினால் பாடம் தடம் மாறிவிட்டது என்று பொருள். இதை முகத்திலேயே கண்டுபிடிக்கலாம். தனக்குப் பிடித்த அட்டையைப் பிள்ளை தயங்கித் தயங்கி வலப்பக்கம் வைக்கும், அல்லது எதையாவது சொல்லி இடப்பக்கம் தள்ளப் பார்க்கும். அப்போது நம் விருப்பம் ஒன்றைச் சொல்லிவிடுவது நல்லது: "எனக்கு மல்லிகைப்பூ வைக்கணும்னு ஆசை. அது எந்தப் பக்கம்?" விருப்பம் பக்கம் என்று எல்லோரும் கத்துவார்கள். "ஆமா. அதுக்காக வைக்கக் கூடாதா?" அவ்வளவுதான், இறுக்கம் போய்விடும்.

இரண்டாவது ஆபத்து இதைவிடக் கனமானது. "உங்க வீட்டில் இது இருக்கா?" என்று கேட்கவே கூடாது. மழைக்கு ஒழுகுகிற வீட்டிலிருந்து வருகிற பிள்ளை, வீடு அட்டையைத் தேவை பக்கம் வைக்கும்போதே உள்ளுக்குள் எதையோ நினைத்துக்கொண்டிருக்கும். அதை வகுப்பில் எல்லோர் முன்னாலும் சொல்லவைப்பது பாடமே இல்லை. அதனால் எல்லாக் கேள்வியும் ஒரு கற்பனைப் பிள்ளையைப் பற்றியதாகவே இருக்கட்டும். கரும்பலகையில் ஒரு குச்சிப் பொம்மை வரைந்துவிட்டு, "இந்தப் பாப்பாவுக்கு" என்றே பேசுங்கள். அப்படியும் ஒரு பிள்ளை, "எங்க வீட்ல தண்ணி வரல டீச்சர்" என்று தானாகச் சொன்னால் அமைதியாகக் கேட்டுக்கொண்டு, வகுப்பு முடிந்ததும் தனியே பேசுங்கள்.

இதனால் வீட்டில் பிள்ளை கடையில் நின்று அடம்பிடிப்பது நின்றுவிடும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். அட்டையைச் சரியாக நகர்த்தத் தெரிவதும் ஆசையை அடக்கத் தெரிவதும் வேறு வேறு. இரண்டாவதற்குக் காலம் வேண்டும்.

புரிந்ததா என்று பார்ப்பது

மீதியிருக்கிற நேரத்தில் புதிதாக ஒரு அட்டையைக் காட்டுங்கள், அதுவரை பேசாத பொருளாக இருக்க வேண்டும். மூக்குக் கண்ணாடி இதற்கு நல்ல தேர்வு. ஒவ்வொரு பிள்ளையும் தன் நோட்டில் "தேவை" அல்லது "விருப்பம்" என்று எழுதி, ஒரு வரிக் காரணம் எழுதட்டும். எழுத வராத பிள்ளை நம் காதில் சொல்லட்டும்.

பதிலை விட்டுவிட்டுக் காரணத்தை மட்டும் பாருங்கள். "கண்ணாடி தேவை, ஏன்னா டீச்சர் போட்டிருக்காங்க" என்று எழுதிய பிள்ளைக்கு விஷயம் இன்னும் போய்ச் சேரவில்லை. "கண்ணு தெரியலன்னா போர்டு தெரியாது" என்று எழுதிய பிள்ளை, இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்திருக்கிறது. "யாருக்கு டீச்சர்? வெயிலுக்குப் போடற கண்ணாடியா, எழுத்து தெரியறதுக்குப் போடறதா?" என்று எழுதுவதற்கு முன்னாலேயே திருப்பிக் கேட்கிற ஒன்றிரண்டு பிள்ளைகளும் இருப்பார்கள். அவர்களுக்கு நன்றாகவே பிடிபட்டுவிட்டது.

முதல் வகைப் பதில் வகுப்பில் பாதிக்கு மேல் வந்தால் மறுநாள் அதே அட்டைகளோடு ஒரு குட்டி ஆட்டம் ஆடலாம். குழுவிடம் பதினாறையும் கொடுத்து, "குச்சிப் பொம்மைப் பாப்பா வேற ஊருக்குப் போறா. பையில எட்டுதான் பிடிக்கும்" என்று சொல்லுங்கள். எட்டை எடுத்த பிறகு, "பை கிழிஞ்சிடுச்சு, இப்போ ஐந்துதான்" என்று குறையுங்கள். ஒவ்வொன்றை வெளியே போடும்போதும் அதே "ஏன்னா" விதி. எட்டிலிருந்து ஐந்துக்கு வரும்போதுதான் பந்தும் செருப்பும் மோதும், முந்தின நாள் வாயே திறக்காத பிள்ளைகளும் அப்போது பேசத் தொடங்குவார்கள்.